ஒரே ஒரு லோடிங் டாக், 36 ஸ்டால்: நேர ஸ்லாட் போடுவது எப்படி

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் கண்காட்சி நடத்த இடம் தேடினால் பெரும்பாலும் திருமண மஹால்தான் கிடைக்கும். உள்ளே இடம் தாராளமாக இருக்கும், முன்பக்கம் பெரிய வாசல், அலங்கார வளைவு எல்லாம் இருக்கும். ஆனால் சரக்கு இறக்க என்று பார்த்தால் பின்பக்கம் சமையல்கூடத்தை ஒட்டி ஒரே ஒரு மேடை, அதில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் பின்னால் அணைக்க முடியும். கல்யாணத்துக்கு அது போதும், ஏனென்றால் காய்கறி வண்டி ஒருமுறை வரும், பாத்திர வண்டி ஒருமுறை வரும், அவ்வளவுதான். 36 ஸ்டால்காரர்கள் ஒரே நாளில் வரும்போதுதான் அந்த ஒற்றை மேடை எல்லோருடைய கழுத்தையும் பிடிக்கும். முதன்முறையாக இந்த வேலையை எடுத்துச் செய்கிறவர்களுக்காக, ஸ்லாட் எப்படிப் போடுவது என்பதை ஒரு மாதிரிக் கணக்கோடு எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், மதுரை–ராமேஸ்வரம் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே இருக்கும் ஒரு மஹாலை எடுத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு இரண்டு நாள் கண்காட்சி. படகு இன்ஜின், வலை, ஐஸ்பெட்டி, கருப்பட்டி, பனையோலைப் பொருள், முண்டு மிளகாய், கடல்பாசி, அலங்கார மீன் என்று கலவையான ஸ்டால்கள். ஸ்டால் அமைக்க வெள்ளிக்கிழமை ஒரு நாள். வியாழக்கிழமை காலை அதே மஹாலில் ஒரு முகூர்த்தம்.

முதலில் நிமிடத்தை எண்ணுங்கள்

புதிதாகச் செய்கிறவர்கள் வழக்கமாக ஸ்டால் எண்ணிக்கையை எடுத்து, மணிக்கு நான்கு பேர் என்று வகுத்துவிடுவார்கள். அது நடக்காது, ஏனென்றால் டாக்கில் செலவாவது வண்டி நிற்கும் நிமிடம். ஸ்டால் பெரிதா சிறிதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெரிய ஸ்டால் எடுத்த ஒருவர் நான்கு பேனரும் ஒரு லேப்டாப்பும் கொண்டு வருவார், சின்ன ஸ்டால்காரர் ஒரு இன்ஜினோடு வந்து நிற்பார்.

அதனால் இரண்டு வாரத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் நான்கு கேள்வி கேளுங்கள். என்ன வண்டியில் வருகிறீர்கள், மொத்தம் எத்தனை உருப்படி, அதில் ரொம்பக் கனமானது எது, இறக்க உங்களோடு எத்தனை பேர் வருவார்கள். இந்த நான்கையும் படிவத்தில் போட்டு அனுப்பினால் பாதிப் பேர் நிரப்ப மாட்டார்கள், அதனால் போனில் கேட்டு நீங்களே எழுதிக்கொள்வது நல்லது. "வண்டி இன்னும் பேசலங்க" என்று சொல்கிறவரிடம், "சரிண்ணே, குட்டியானை அளவுக்குச் சரக்கு இருக்குமா, பிக்கப் வேணுமா?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார். தன் சரக்கு எந்த வண்டிக்கு ஆகும் என்பது தெரியாத வியாபாரி கிடையாது.

நம் மாதிரிக் கணக்கில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 பேரில் 9 பேர் கையில் தூக்கி வருகிறவர்கள்: பனையோலைக் கூடை கொண்டுவரும் மகளிர் குழுக்கள், காரில் நாலு அட்டைப்பெட்டியோடு வருகிறவர்கள். மீதி 27 வண்டி. அதில் குட்டியானை 16, பொலிரோ மாதிரி பிக்கப் 8, பதினான்கு அடி ஐச்சர் 3.

ஒரு குட்டியானைக்கு 20 நிமிடம், பிக்கப்புக்கு 30, ஐச்சருக்கு 60 என்று போடுங்கள். இதில் சரக்கு இறக்கும் நேரம் மட்டும் இல்லை. ரிவர்ஸ் எடுத்து மேடையில் அணைப்பது, தார்ப்பாயை அவிழ்ப்பது, கடைசியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வெளியேறுவது எல்லாம் சேர்ந்தது. அந்தச் சில்லறை நிமிடங்களைக் கணக்கில் விட்டவர்களின் அட்டவணை பத்து மணிக்கே சாய்ந்துவிடும். கூட்டினால் 320, 240, 180. மொத்தம் 740 நிமிடம்.

இனி கையில் இருப்பது எவ்வளவு என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை 7 முதல் மாலை 6 வரை 660 நிமிடம். அது வெள்ளிக்கிழமை. இந்தக் கரையில் ஸ்டால்காரர், டிரைவர், லோடுமேன் என்று எல்லாத் தரப்பிலும் ஜும்மாவுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். 12:15 முதல் 2 மணி வரை டாக்கை மூடிவிடுங்கள், மற்றவர்களுக்கு அதுவே சாப்பாட்டு நேரம். இதில் பாதி மூடி பாதி திறந்து வைப்பது என்ற பேச்சே வேண்டாம், இறக்க ஆள் இல்லாமல் ஒரு வண்டி மேடையில் நின்றால் இரண்டு மணிக்கு வருகிற முதல் வண்டியே தாமதமாகும். ஆக 105 நிமிடம் போய் மிச்சம் 555.

அந்த 555-ஐயும் முழுசாகப் பங்கு போடக் கூடாது. நான் ஐந்தில் நான்கு பங்கைத்தான் கொடுப்பேன், அதாவது சுமார் 444 நிமிடம். மீதி தாமதத்துக்கும் தகராறுக்கும் வேண்டும். தேவை 740, கொடுக்க முடிவது 444. இந்த இடைவெளி கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்பு காகிதத்தில் தெரிந்தால் சரிசெய்யலாம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ரோட்டில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இடைவெளியைக் குறைப்பது

முதல் வேலை, மூன்று ஐச்சரையும் வெள்ளிக்கிழமையிலிருந்து எடுத்து வியாழன் இரவுக்குத் தள்ளுவது. கனமான சரக்கு எப்படியும் முதலில்தான் உள்ளே போக வேண்டும். தரைவிரிப்பு விரித்து, ஸ்டால் தடுப்பு நிறுத்திய பிறகு ஒரு இன்ஜினை உருட்டிக்கொண்டு போனால் விரிப்பு கிழியும், தடுப்பும் இடிபடும். இதனால் 180 நிமிடம் குறைகிறது, 560 ஆகிவிட்டது.

இரண்டாவது, டாக்கில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது. ஒவ்வொரு ஸ்டால்காரரும் தன்னோடு ஒரு பையனை மட்டும் கூட்டி வந்து, பெட்டியை ஒவ்வொன்றாகத் தூக்கி ஸ்டால் வரை நடந்து வைத்துவிட்டுத் திரும்புவதால்தான் 20 நிமிடம் ஆகிறது. நீங்களே நான்கு லோடுமேன், மூன்று தட்டு ட்ராலி ஏற்பாடு செய்து, வண்டியிலிருந்து நேராக ட்ராலிக்கு இறக்கினால் குட்டியானை 15 நிமிடத்திலும் பிக்கப் 25 நிமிடத்திலும் காலியாகும். ஒரு ட்ராலி ஏறிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று ஸ்டாலுக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும், அதற்காகத்தான் மூன்று. இப்போது 16 குட்டியானைக்கு 240, 8 பிக்கப்புக்கு 200, மொத்தம் 440. 444-க்குள் வந்துவிட்டது. லோடுமேன் கூலியை ஸ்டால் வாடகையிலேயே சேர்த்துவிடுங்கள், அன்றைக்கு ஆளாளுக்குப் பேரம் பேசினால் அந்தப் பேரமே ஐந்து நிமிடம் சாப்பிடும்.

லோடுமேன் விஷயத்தில் இந்தப் பக்கத்துக்கென்று ஒரு கவனம் வேண்டும். விசைப்படகுகள் கரை திரும்பும் காலைகளில் மீன் இறக்கவும் ஐஸ் ஏற்றவும் ஆள் போய்விடும். உங்கள் வெள்ளிக்கிழமை அப்படிப்பட்ட காலையா என்று மீனவர் சங்கத்தில் கேட்டுவிட்டு ஆள் பேசுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால் இந்தச் சிக்கல் குறைவு.

மூன்றாவது, மேடையின் உயரம். இதை யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை, நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிடுங்கள். லாரிக்கு என்று கட்டிய மேடை ஐச்சரின் தளத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும், குட்டியானையின் தளம் அதைவிடத் தாழ்வு. கீழே இருந்து மேலே தூக்க வேண்டியிருந்தால் நம்முடைய 15 நிமிடக் கணக்கு பொய்யாகிவிடும். மேடைக்குப் பக்கத்தில் சறுக்குத்தளம் இருந்தால் குட்டியானையை அதன் அடியில் நிறுத்தி, தரையில் வைத்த ட்ராலிக்கு இறக்கி மேலே தள்ளலாம். சறுக்குத்தளம் இல்லாத மஹால் என்றால் தடிப்பான இரும்புத்தகடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, வண்டிக்கும் மேடைக்கும் நடுவில் போட்டு, அது நழுவாமல் இருக்க அடியில் கட்டை கொடுங்கள். எது என்றாலும் ஒரு வண்டியை வரவழைத்து ஒருமுறை இறக்கிப் பார்த்து, கடிகாரத்தில் நிமிடத்தைக் குறித்துக்கொள்வது நல்லது, 15 வருகிறதா 22 வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

கையில் தூக்கி வருகிற 9 பேரை டாக் பக்கமே விடாதீர்கள். அவர்கள் முன்வாசல் வழியாக, எந்த நேரமும் வரலாம். ஆனால் அங்கே ஒரு ட்ராலியும் ஒரு ஆளும் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் டவுன் பஸ்ஸில் மூட்டையோடு வந்து இறங்கும் அக்காமார்களுக்கு ரோட்டிலிருந்து வாசல் வரைக்கும் உள்ள தூரம்தான் பெரிய பாரம். உதவி இல்லை என்றால் அவர்கள் கடைசி நேரத்தில் ஒரு ஆட்டோ பிடித்துப் பின்பக்கம் வந்து நிற்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

யார் முன்னால், யார் பின்னால்

நிமிடம் சரியாகிவிட்டது. இனி வரிசை. முதலில் பணம் கட்டியவருக்கு முதல் ஸ்லாட் என்பது கேட்க நியாயமாக இருக்கும், தரையில் வேலைக்கு ஆகாது. டாக்கிலிருந்து தூரத்தில் இருக்கும் ஸ்டால் முதலில், பக்கத்தில் இருக்கும் ஸ்டால் கடைசியில். டாக் கதவை ஒட்டிய ஸ்டால்காரர் காலை ஏழு மணிக்கே வந்து பெட்டிகளைப் பிரித்துப் பரப்பிவிட்டால், அவருக்குப் பின்னால் வருகிற எல்லோருடைய ட்ராலியும் அவர் பெட்டிகளுக்கு நடுவில் நெளிந்துதான் போக வேண்டும். மாடிப்படியைக் கழுவுகிற மாதிரி, தூரத்திலிருந்து வாசலை நோக்கி வர வேண்டும்.

நம் மஹாலில் மூன்று வரிசை, ஒவ்வொன்றிலும் 12 ஸ்டால். A வரிசை முன்வாசல் பக்கம், C வரிசை டாக் பக்கம். ஆகவே A முதலில், B அடுத்து, C கடைசி. கனமான மூன்று பேரை மட்டும் ஸ்டால் ஒதுக்கும்போதே C வரிசையில் டாக்குக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். அவர்கள் வியாழன் இரவே வந்து இன்ஜினை ஸ்டாலுக்குள் வைத்துவிட்டுப் போய்விடுவதால் நடைபாதையை அடைக்க மாட்டார்கள், கனச்சரக்கு உருளும் தூரமும் குறையும். ஸ்டால் ஒதுக்கீட்டையும் ஸ்லாட்டையும் வேறு வேறு ஆள் பார்த்தால் இது கைவிட்டுப் போகும். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் உட்கார்ந்து போடுவதுதான் சரி.

இந்த விதிக்கு இரண்டு விலக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, காற்று. இங்கே மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும், ஆனி ஆடியில் கேட்கவே வேண்டாம். பெரிய ஃப்ளெக்ஸ் சட்டம், ப்ளைவுட் தகடு, கண்ணாடி கொண்டு வருகிறவர்களை எந்த வரிசையில் இருந்தாலும் காலையில் வரச்சொல்லுங்கள். திறந்த பிக்கப்பிலிருந்து எட்டடித் தகட்டைக் காற்றில் இறக்குவதற்கு இரண்டு ஆள் கூடுதலாக வேண்டும், மேடையில் நிற்கிறவரைத் தள்ளிவிடும் அபாயமும் உண்டு. இன்னொன்று, உயிர்ச்சரக்கு. அலங்கார மீன் ஸ்டால்காரரின் தொட்டியும் ஸ்டாண்டும் காலையில் வரட்டும், தண்ணீர் நிரப்பி மோட்டார் ஓட்டிப் பார்க்க நேரம் வேண்டும். மீன் மாலையில் வெயில் தணிந்ததும் ஆக்சிஜன் பையில், முன்வாசல் வழியாக, காத்திருக்காமல் நேராக உள்ளே போக வேண்டும். அதை வெயிலில் வரிசையில் நிறுத்தி வைத்தால் பைக்குள் சூடேறி மீன் செத்துவிடும்.

அட்டவணை எழுதுவது

வியாழன் மதியச் சாப்பாடு முடிந்து கல்யாணக் கூட்டம் கலைந்தாலும், பாத்திரக்காரர், பந்தல்காரர், பூ அலங்காரக்காரர் எல்லோரும் வெளியேறுவது அதே பின்மேடை வழியாகத்தான். மஹால் மேலாளர் "மூணு மணிக்கு ஃப்ரீங்க" என்று சொன்னால் அது கூடம் காலியாகும் நேரம், டாக் காலியாகும் நேரம் வேறு. "டாக் எத்தனை மணிக்குக் காலியாகும்?" என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆறு மணி என்றால், ஒரு மணி நேரம் கூட்டிப் பெருக்கி, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஸ்டால் எல்லைகளையும் எண்களையும் போட்டுவிடலாம். எண் தரையில் இல்லாவிட்டால் ட்ராலி தள்ளுகிறவர் ஒவ்வொரு முறையும் உங்களிடம் வந்து கேட்பார். 7 மணிக்கு ஸ்டால் தடுப்பு போடுகிற ஒப்பந்தக்காரரின் லாரி, அவர் சரக்கை ஒரு சுவர் ஓரம் அடுக்கிவிட்டு A வரிசையில் வேலை தொடங்கட்டும். 8:15-க்கு முதல் ஐச்சர், 9:20-க்கு இரண்டாவது, 10:25-க்கு மூன்றாவது. பதினொன்றரைக்குள் முடியும். இன்ஜின் ஸ்டாலில் உட்கார்ந்த பிறகே அந்த மூன்று ஸ்டாலுக்கும் தடுப்பு.

வெள்ளிக்கிழமை காலை 14 வண்டி, மதியத்துக்கு மேல் 10 வண்டி. காலையில் குட்டியானை 10, பிக்கப் 4, ஆக 250 நிமிடம், இருப்பது 315. மதியம் குட்டியானை 6, பிக்கப் 4, ஆக 190 நிமிடம், இருப்பது 240. மிச்சமுள்ள நிமிடங்களைக் கடைசியில் மொத்தமாக வைக்காதீர்கள், நடுநடுவே வெற்று ஸ்லாட்டாகப் போடுங்கள். உதாரணமாக 7:00 குட்டியானை, 7:15 குட்டியானை, 7:30 பிக்கப், 7:55 குட்டியானை, 8:10 வெற்று, 8:25 அடுத்த வண்டி. ஏழரைக்கு வந்த பிக்கப் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்தாலும் 8:25-க்கு வருகிறவருக்கு அது தெரியவே தெரியாது. வெற்று ஸ்லாட் எல்லாம் சாயங்காலத்தில் இருந்தால் காலையில் விழுந்த பத்து நிமிடம் நாள் முழுக்க எல்லோர் மேலும் ஏறிக்கொண்டே போகும்.

ஸ்டால்காரருக்கு அனுப்பும் செய்தியில் மூன்று நேரம் இருக்க வேண்டும். இப்படி அனுப்பலாம்: "ஸ்டால் B7. வண்டி காத்திருப்பு இடத்துக்கு வர வேண்டிய நேரம் 9:40. டாக் நேரம் 10:00. வண்டி டாக்கை விட்டு நகர வேண்டிய நேரம் 10:15. டிரைவர் போன் எண்ணை இதற்குப் பதிலாக அனுப்பவும்." மூன்றாவது நேரம்தான் முக்கியம். அதைச் சொல்லாவிட்டால், வண்டியை மேடையில் நிறுத்திவிட்டு அவர் உள்ளே போய் பேனர் கட்ட ஆரம்பித்துவிடுவார். இறக்குவது வேறு, ஸ்டால் கட்டுவது வேறு, கட்டுவதற்கு இரவு ஒன்பது வரைக்கும் நேரம் உண்டு என்பதை அதே செய்தியில் ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள், அந்த ஒரு வரி தெரியாமல்தான் பலரும் பதறுகிறார்கள். டிரைவர் எண்ணும் அவசியம், ஏனென்றால் முதலாளி பஸ்ஸில் வருவார், வண்டி தனியாக வரும், முதலாளிக்கு போன் அடித்தால் "வந்துகிட்டே இருக்கான்" என்பதைத் தவிர வேறு தகவல் கிடைக்காது.

வண்டி எங்கே நிற்கும்

டாக்குக்கு வெளியே வண்டி வரிசைகட்டக் கூடாது. அரைக் கிலோமீட்டருக்குள் ஒரு காத்திருப்பு இடம் பாருங்கள், பெட்ரோல் பங்க் பக்கம், லாரி செட், பள்ளி மைதானம் என்று எதுவாக இருந்தாலும் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தரை கெட்டியாக இருக்க வேண்டும். இந்தப் பக்கம் ரோட்டோரம் பார்க்கச் சமமாகத் தெரிந்தாலும் அடியில் மணல், சரக்கோடு ஒரு பிக்கப் ஒதுங்கினால் பின்சக்கரம் புதைந்துவிடும், அதை இழுத்து எடுப்பதற்குள் நாலு ஸ்லாட் போயிருக்கும். காத்திருப்பு இடத்தில் ஒரு ஆள், டாக்கில் ஒரு ஆள், இருவருக்கும் போன். டாக்கில் இருப்பவர், இருக்கும் வண்டியில் கால்வாசிச் சரக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்த வண்டியைக் கூப்பிட வேண்டும், காலியான பிறகு கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் மேடை சும்மா கிடக்கும். மஹாலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் ரயில்வே கேட் இருந்தால் காத்திருப்பு இடம் கேட்டுக்கு மஹால் பக்கமே இருக்கட்டும்.

தேதி குறிக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை ஒட்டிய நாட்களில் ராமேஸ்வரம் போகும் கூட்டத்தால் நெடுஞ்சாலை நகராது, அந்த நாட்களில் எந்த ஸ்லாட்டும் நிற்காது. ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கமிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாலத்தைத்தான் தாண்ட வேண்டும், சுற்றுலாக்காரர்கள் கடலைப் பார்க்க பாலத்தின் மேலேயே வண்டியை ஓரங்கட்டுவதால் விடுமுறை நாளில் அங்கே ஊர்ந்துதான் வர முடியும். தீவிலிருந்து வருகிறவர்களுக்கு அவர்கள் வரிசைக்குள்ளேயே முந்திய ஸ்லாட் கொடுத்துவிட்டால் அதிகாலையில் தடையில்லாமல் வந்துவிடுவார்கள்.

அன்றைக்கு

டாக்கில் இருப்பவர் கையில் அட்டவணைத் தாளும் பேனாவும் வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் எழுத வேண்டும். ஐந்தாவது வண்டி போனதும் கூட்டிப் பாருங்கள். 15 என்று போட்ட குட்டியானைக்கு உண்மையில் 18 ஆகிறது, பிக்கப்புக்கும் அதே மூன்று நிமிடம் கூடுகிறது என்றால், 24 வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இடிக்கும், கையிருப்பு நிமிடங்களில் பாதிக்கு மேல் காலி. அது ஒன்பது மணிக்கு முன்பே தெரிந்தால் இன்னும் இரண்டு லோடுமேனைக் கூப்பிடலாம், மதியம் வருகிற நாலு பேருக்கு போன் செய்து நேரத்தை மாற்றலாம். தாளைப் பார்க்கும் முன்பே கண்ணுக்குத் தெரிகிற அறிகுறியும் ஒன்று உண்டு: டாக் கதவுக்கு உள்ளே முதல் பத்தடியில் பெட்டி சேர ஆரம்பித்தால் ட்ராலி பத்தவில்லை அல்லது நடைபாதை எங்கோ அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வண்டியை உடனே கூப்பிடாமல், ஐந்து நிமிடம் நிறுத்தி அந்தப் பத்தடியைக் காலி செய்யுங்கள்.

தாமதமாக வருகிறவருக்குப் பத்து நிமிடம் பொறுக்கலாம். அதற்கு மேல் அவர் ஸ்லாட் போய்விட்டது, அடுத்த வெற்று ஸ்லாட் அவருடையது, அதுவும் நிரம்பியிருந்தால் 12:15-க்கு முந்தியதோ மாலையில் கடைசியோ. ஒருவருக்காகப் பின்னால் இருக்கும் எல்லோரையும் நகர்த்தக் கூடாது. சீக்கிரம் வந்தவரும் காத்திருப்பு இடத்தில்தான் நிற்க வேண்டும். "பாய், நீங்க பத்தரைக்குத்தான், ஆனா முன்னால ஒரு வண்டி வரலைன்னா உங்களைத்தான் முதல்ல கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டால் யாரும் கோபப்படுவதில்லை. கோபம் வருவது வரிசையை மீறி ஒருவரை விடும்போதுதான். பெரிய தொகை கொடுத்த விளம்பரதாரராக இருந்தாலும், ஊர்ப் பெரிய மனிதரின் கடையாக இருந்தாலும், அன்றைக்கு ஒருவரை முந்தவிட்டால் அதற்கப்புறம் உங்கள் தாளை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். அவருக்கு நல்ல நேரம் வேண்டும் என்றால் இரண்டு வாரம் முன்பே அட்டவணையில் கொடுங்கள்.

சனி, ஞாயிறு காலையில் ஐஸ், பதனீர், தின்பண்டம், விற்றுத் தீர்ந்த சரக்கு என்று மறுபடி வண்டி வரும். அதற்கு 7 முதல் 8:45 வரை டாக் திறந்திருக்கும், வண்டிக்குப் பத்து நிமிடம், முன்பதிவு இல்லை, வந்த வரிசை என்று வைத்தால் போதும். மக்கள் உள்ளே வரத் தொடங்கிய பிறகு ட்ராலி ஓடக் கூடாது.

பிரித்து ஏற்றும் நேரம்

புதியவர்கள் அமைப்பதற்கு இவ்வளவு திட்டம் போட்டுவிட்டு, ஞாயிறு இரவைத் தானாக நடக்கும் என்று விட்டுவிடுவார்கள். அதுதான் கடினம். வருகிறபோது ஆளுக்கொரு நேரத்தில் வந்தவர்கள், போகும்போது எல்லோரும் ஏழு மணிக்கே போக வேண்டும் என்பார்கள். களைப்பு, இருட்டு, ஊர் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் எல்லாம் சேர்ந்திருக்கும்.

ஏற்றுவதற்கு வண்டியில் அடுக்க வேண்டும், கட்ட வேண்டும், அதனால் இறக்குவதைவிட நேரம் கூடுதலாகும். மறுபடி 20, 30, 60 என்றே போடுங்கள், அதே 740 நிமிடம். ஞாயிறு இரவு 7:30 முதல் நள்ளிரவு வரை 270 நிமிடம்தான். மீதி திங்கள் காலை 6 முதல் 2 வரை 480. சேர்த்து 750, மயிரிழையில் கொள்கிறது, மிளகாயும் கருப்பட்டியும் விற்றுப்போயிருந்தால் இன்னும் கொஞ்சம் மூச்சுவிடலாம். ஆகவே மஹாலைத் திங்கள் மாலை வரைக்கும் முதலிலேயே பேசிவிடுங்கள், திங்கள் முகூர்த்தம் என்றால் ஞாயிறு மதியமே மஹாலில் பெண் வீட்டார் வந்து இறங்கிவிடுவார்கள், உங்களுக்கு அந்தத் தேதியே ஆகாது.

வரிசை இப்போது தலைகீழ். டாக் பக்கத்து C வரிசை முதலில் வெளியே, A கடைசி. C-யில் இருக்கும் மூன்று கனச்சரக்கு மட்டும் திங்கள் காலை, வெளிச்சத்தில். தொலைவில் இருந்து வந்தவர்களுக்கு ஞாயிறு இரவும், பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் திங்கள் காலையும் கேட்டுப் பாருங்கள், உச்சிப்புளிக்காரர் மறுநாள் வர முகம் சுளிக்க மாட்டார்.

இதில் ஒரு விதியைக் கண்டிப்பாக வையுங்கள்: சரக்கு முழுக்கக் கட்டி முடித்த பிறகுதான் வண்டி டாக்குக்கு வரும். உங்கள் ஆள் ஒருவர் ஸ்டால் ஸ்டாலாகப் போய்ப் பார்த்து, எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது என்றால் ஒரு சீட்டு கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டைக் காட்டிய டிரைவருக்கே டாக் அனுமதி. சீட்டு இல்லாமல் விட்டால் வண்டி மேடையில் நிற்கும், உள்ளே அவர் பேனரை அவிழ்த்துக்கொண்டிருப்பார், அவருக்குப் பின்னால் தயாராக இருக்கும் நாலு பேர் நிற்பார்கள். கட்டி முடிக்காதவர் ஸ்லாட்டை, கட்டி முடித்து நிற்கிற அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம், இந்த ஒரு இடத்தில் மட்டும் அட்டவணையைவிடச் சீட்டுக்கே முன்னுரிமை.

டாக் விளக்கை வியாழன் இரவே எரியவிட்டுப் பாருங்கள். பல மஹால்களில் பின்பக்கம் ஒரே ஒரு பல்பு இருக்கும், அதில் டிரைவருக்கு மேடை விளிம்பு தெரியாது. ஒரு ஃபோகஸ் லைட்டை மேடைக்குப் பக்கவாட்டில் கட்டுங்கள், டிரைவர் கண்ணில் அடிக்காத கோணத்தில். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் அந்த விளக்குக்கும் கொடுக்கிறதா என்று மஹால் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், பெரும்பாலும் கூடத்துக்கு மட்டும்தான் கொடுத்திருப்பார்கள்.

திங்கள் கடைசி வண்டி போனதும் மஹால் மேலாளரைக் கூட்டிக்கொண்டு டாக் மேடை விளிம்பு, கதவுச் சட்டம், ட்ராலி ஓடிய தரை மூன்றையும் பாருங்கள். வியாழன் மாலை சாவி வாங்கும்போதே இதே மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தால், கல்யாண வண்டி இடித்த பழைய உடைசலுக்கு உங்கள் அட்வான்ஸில் கை வைக்க மாட்டார்கள்.